மெமரி கார்டில் டெலிட் ஆன படங்கள்: அறிகுறியைப் பார்த்து மீட்பது எப்படி

தை, மாசி மாதங்களில் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கல்யாண வீடுகள் நிறைந்துவிடும். அடுத்த வாரமே என் கடைக்கு மெமரி கார்டுகள் வரத் தொடங்கும். "அண்ணே, காப்பி ஆகிருச்சுன்னு நெனச்சு கார்டைக் காலி பண்ணிட்டேன்" என்று போட்டோகிராபர் தம்பி யாராவது நிற்பார். பெரும்பாலும் படங்கள் கிடைத்துவிடும். ஆனால் கிடைப்பது ஒரே மாதிரி கிடைப்பதில்லை. சில படம் பெயர் மாறி வரும், சிலது திறக்காது, சிலது பாதியில் உடைந்திருக்கும். ஒவ்வொரு கோளாறும் கார்டுக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்லும் அறிகுறி. அதைப் படிக்கத் தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிடும்.

இதில் பெரும்பகுதி 32 ஜிபி வரையுள்ள, FAT32 முறையில் பார்மட் ஆன கேமரா கார்டைப் பற்றியது. இங்கே ஸ்டூடியோக்களில் இன்னும் அதிகம் புழங்குவது அதுதான். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் exFAT முறையில் வரும். அவற்றுக்கு எங்கே வித்தியாசம் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

டெலிட் அழுத்தினால் கார்டில் மாறுவது என்ன

கார்டு முழுவதும் கிளஸ்டர் என்னும் சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கேமராவிலேயே பார்மட் செய்த 32 ஜிபி கார்டில் ஒரு கிளஸ்டர் பொதுவாக 32 கேபி. ஒரு படத்தைப் பற்றிய விவரம் மூன்று இடத்தில் இருக்கும். போல்டரின் பட்டியலில் 32 பைட் நீளத்தில் ஒரு வரி இருக்கும். அதில் பெயர், தேதி, அளவு, முதல் கிளஸ்டரின் எண் ஆகியவை உண்டு. கார்டின் முன்பகுதியில் கிளஸ்டர் அட்டவணை ஒன்று இருக்கும். முதல் கிளஸ்டருக்கு அடுத்தது எது, அதற்கு அடுத்தது எது என்ற சங்கிலி அதில்தான் இருக்கிறது. மூன்றாவது, படத்தின் உண்மையான தரவு. அது கிளஸ்டர்களுக்குள் இருக்கும்.

டெலிட் செய்தால் பட்டியல் வரியின் முதல் பைட் மட்டும் E5 என்ற அழிப்புக் குறியாக மாறும். அட்டவணையில் அந்தப் படத்துக்குரிய சங்கிலி முழுவதும் பூஜ்யமாகும். படத்தின் தரவை யாரும் தொடுவதில்லை. பேரேட்டில் ஒரு வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, கிடங்கில் இருக்கும் மூட்டையை அப்படியே விட்டுவைப்பது போன்ற வேலை இது. 7 எம்பி படத்தை அழிக்கச் சில பைட்டுகளை எழுதினால் போதும் என்பதால்தான் டெலிட் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது. அந்த இடத்தில் வேறு படம் வந்து உட்காரும் வரை பழைய தரவு அங்கேயே கிடக்கும்.

ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக் கல்யாணம், 11-02-2024. தாலி பூட்டும் திருப்பூட்டுதல் நேரத்தில் எடுத்த படத்தின் பெயர் IMG_0437.JPG. அழிப்பதற்கு முன் அதன் வரி, பதினாறை அடியாகக் கொண்ட ஹெக்ஸ் எண்களில், இப்படி இருக்கும்:

```
49 4D 47 5F 30 34 33 37 4A 50 47 20 00 00 4A 55
4B 58 4B 58 01 00 4A 55 4B 58 70 11 80 C2 67 00
```

முதல் 11 பைட்டும் பெயர். கடைசி நான்கு பைட்டைப் பின்னிருந்து படித்தால் 0067C280, அதாவது 68,00,000 பைட். படத்தின் அளவு அது. முதல் கிளஸ்டரின் எண் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கிறது. இரண்டாம் வரியில் ஐந்தாவது, ஆறாவது பைட்டான `01 00` அதன் மேல் பாதி. `70 11` அதன் கீழ்ப் பாதி. இரண்டையும் சேர்த்தால் 00011170, அதாவது 70,000-ஆவது கிளஸ்டர். பழைய காலத்து FAT வரியில் கிளஸ்டர் எண்ணுக்கு இரண்டு பைட்தான் இடம் இருந்தது. கார்டுகள் பெரிதானபோது, காலியாக இருந்த வேறொரு மூலையில் மேல் பாதியை வைத்தார்கள். இந்தப் பிரிவை நினைவில் வையுங்கள். கீழே ஒரு பெரிய குழப்பத்துக்கு இதுதான் காரணம்.

அறிகுறி: படங்கள் காணவில்லை, கார்டில் காலி இடம் கூடியிருக்கிறது, வேறு எதுவும் செய்யவில்லை

இதுதான் நல்ல நிலை. இதைக் கெடுக்காமல் இருப்பதே முதல் வேலை. கார்டைக் கேமராவிலிருந்து எடுத்து, பக்கவாட்டில் இருக்கும் சின்ன லாக்கைக் கீழே தள்ளிவிடுங்கள். அதன் பிறகே ரீடரில் போட வேண்டும். லாக் இல்லாமல் விண்டோஸில் சொருகினால், யாரும் கேட்காமலே `System Volume Information` என்ற போல்டரை அது கார்டில் எழுதிவிடும். அது காலி கிளஸ்டர்களில்தான் போய் உட்காரும். காலி என்று அட்டவணை சொல்லும் இடம்தான் நம் படங்கள் இருக்கும் இடம்.

அடுத்து, கார்டை முழுதாக ஒரே பைலாக நகல் எடுக்க வேண்டும். லினக்ஸில் முதலில் `lsblk` கொடுத்து, 32 ஜிபி அளவில் தெரியும் சாதனம் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அது `sdb` என்றால்:

```
sudo ddrescue -d -r3 /dev/sdb card.img card.map
```

இனி எல்லா வேலையும் `card.img` மேல்தான். கார்டைக் கவரில் போட்டு எடுத்துவைத்துவிடலாம். ரெக்கவரி சாப்ட்வேர் ஒன்று சரிவரவில்லை என்றால் இன்னொன்றை அதே நகலில் ஓட்டலாம். மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. மீட்ட படங்களைத் திரும்ப அதே கார்டில் சேமிக்கும் தவறு நடக்கவும் வழியில்லை. நல்ல நிலையில் வந்து, அப்படிச் சேமித்ததால் கெட்டுப்போன கார்டுகள் அதிகம்.

அழித்த பிறகு அதே கார்டில் படம் எடுத்திருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்பதைக் கணக்குப் போடலாம். 68,00,000 பைட் படத்துக்கு 208 கிளஸ்டர் வேண்டும். புதிதாக 40 படம் எடுத்திருந்தால் 8,320 கிளஸ்டர், அதாவது 260 எம்பி. பல கேமராக்கள் முன்பக்கத்திலிருந்தே காலி இடத்தைத் தேடும் என்பதால் போவது பெரும்பாலும் விழாவின் தொடக்கப் படங்கள். முகப்பில் மாவிலைத் தோரணம், கோலம் என்று எடுத்தவை போயிருக்கும், திருப்பூட்டுதல் பத்திரமாக இருக்கும். கல்யாண வீட்டாரிடம் பேசும்போது இதைச் சொல்ல முடிந்தால் அவர்கள் பதற்றம் பாதி குறையும்.

அறிகுறி: படங்கள் திரும்ப வந்தன, ஆனால் பெயரில் முதல் எழுத்து இல்லை

`IMG_0437.JPG` என்பது `_MG_0437.JPG` என்று வரும். `DSC_` என்று தொடங்குவது `_SC_` ஆகும். முதல் எழுத்து இருந்த இடத்தில்தான் E5 எழுதப்பட்டது. அந்த எழுத்து நிஜமாகவே போய்விட்டது, சாப்ட்வேர் அங்கே ஒரு கோட்டைப் போட்டு நிரப்புகிறது. படத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. மீட்ட போல்டருக்குள் போய் விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ஒரே வரியில் சரிசெய்துவிடலாம்:

```
ren _MG_*.JPG IMG_*.JPG
```

கேனான் கேமராவில் அடோபி ஆர்ஜிபி வண்ண அமைப்பில் எடுத்தால் பெயரே `_MG_` என்றுதான் தொடங்கும். அப்படி எடுப்பவரா என்று ஸ்டூடியோக்காரரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். நீளமான பெயருள்ள பைல்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவற்றின் முழுப் பெயர் தனி வரிகளில் இருப்பதால் முதல் எழுத்தும் அங்கிருந்து கிடைத்துவிடும். exFAT கார்டில் பெயர் முழுதாகவே வரும். அங்கே டெலிட் என்பது பெயரைத் தொடுவதே இல்லை, வரியின் வகையைச் சொல்லும் பைட்டில் ஒரு பிட்டை மட்டும் மாற்றுகிறது.

அறிகுறி: முதல் 300 படம் அருமையாகத் திறக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றுகூடத் திறக்கவில்லை

இந்த அறிகுறியைக் கண்டு, "மீதிக் கார்டு போச்சு" என்று கைவிடுபவர்கள் அதிகம். கார்டு போகவில்லை. படங்களும் போகவில்லை. முகவரிதான் தப்பாக இருக்கிறது.

கானாடுகாத்தான் கல்யாணக் கார்டில் நடந்ததும் இதுதான். தம்பி கேமராவில் அழிக்கவில்லை. லேப்டாப்பில் கார்டைச் சொருகி, `100CANON` போல்டரை விண்டோஸில் டெலிட் செய்திருந்தார். கார்டிலிருந்து அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. FAT32-இல் ஒரு பைலை அழிக்கும்போது விண்டோஸ் முதல் பைட்டை E5 ஆக்குவதோடு நிற்பதில்லை. முதல் கிளஸ்டர் எண்ணின் மேல் பாதியையும் பூஜ்யமாக்கிவிடும். அழித்த பின் நம் படத்தின் வரி இப்படி இருந்தது:

```
E5 4D 47 5F 30 34 33 37 4A 50 47 20 00 00 4A 55
4B 58 4B 58 00 00 4A 55 4B 58 70 11 80 C2 67 00
```

`01 00` இருந்த இடத்தில் `00 00`. இப்போது வரியைப் படிக்கும் சாப்ட்வேருக்கு முதல் கிளஸ்டர் 70,000 என்று தெரியாது, 4,464 என்றுதான் தெரியும். அங்கே போய் 68,00,000 பைட்டை அள்ளிக்கொண்டு வரும். 4,464 என்பது கார்டில் ஏறக்குறைய 22-ஆவது படத்தின் நடுப்பகுதி. படத்தின் தலைப்பகுதி இல்லாமல் நடுவிலிருந்து வெட்டி எடுத்ததை எந்த சாப்ட்வேராலும் திறக்க முடியாது. பெயர் சரி, அளவு சரி, தேதி சரி, ஆனால் பைல் சேதமடைந்துவிட்டது என்று செய்தி வரும்.

முதல் 300 படம் ஏன் நன்றாக வந்தது? மேல் பாதி என்பது 65,536-க்கு மேலான எண்களுக்குத்தான் தேவைப்படும். 32 கேபி வீதம் 65,536 கிளஸ்டர் என்பது சரியாக 2 ஜிபி. கார்டின் முதல் 2 ஜிபிக்குள் தொடங்கும் படங்களுக்கு மேல் பாதி முதலிலிருந்தே பூஜ்யம். அதை மறுபடி பூஜ்யமாக்கினால் இழப்பில்லை. ஒரு படத்துக்கு 208 கிளஸ்டர் என்றால் ஏறக்குறைய 315 படம் அந்த எல்லைக்குள் அடங்கும். ஆகவே படங்கள் சரியாக 2 ஜிபி அளவில் நின்றுபோனால், காரணம் இதுதான் என்று தயங்காமல் முடிவு செய்யலாம். கேமராவிலேயே அழித்த கார்டில் இந்த அறிகுறி பொதுவாக வராது. exFAT-இல் கிளஸ்டர் எண் பிரிந்து கிடப்பதில்லை என்பதால் அங்கும் வராது.

இழந்த மேல் பாதியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கீழ்ப் பாதி கையில் இருக்கிறது. ஆகவே படம் 4,464-இல் இருக்க வேண்டும், அல்லது அதோடு 65,536 கூட்டிய இடத்தில், அல்லது இன்னொரு 65,536 கூட்டிய இடத்தில் என்று 2 ஜிபிக்கு ஒரு இடம்தான் சாத்தியம். 32 ஜிபி கார்டில் மொத்தம் ஏறக்குறைய 9,76,000 கிளஸ்டர் இருப்பதால், பார்க்க வேண்டியது 15 இடம் மட்டுமே. கேமரா எழுதும் ஜேபெக் படம் எப்போதும் `FF D8 FF` என்று தொடங்கும், பெரும்பாலும் அடுத்த பைட் `E1`. எந்த இடத்தில் அது இருக்கிறதோ அதுதான் நம் படம்.

கிளஸ்டர் எண்ணிலிருந்து நகல் பைலுக்குள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சிறு கணக்கு வேண்டும். செக்டார் என்பது 512 பைட் துண்டு. இந்தக் கார்டில் தரவுப் பகுதி 24,576-ஆவது செக்டாரில் தொடங்கியது. உங்கள் கார்டில் இது வேறாக இருக்கலாம். பார்ட்டிஷன் தொடங்கும் செக்டார், அதன் பூட் செக்டாரில் சொல்லியிருக்கும் ஒதுக்கப்பட்ட செக்டார்கள், கிளஸ்டர் அட்டவணையின் இரண்டு பிரதிகளின் நீளம் ஆகியவற்றைக் கூட்டினால் அந்த எண் கிடைக்கும். ஒரு கிளஸ்டருக்கு 64 செக்டார், கிளஸ்டர் எண்ணிக்கை 2-இல் தொடங்கும். இந்த வரிகள் 15 இடத்தையும் பார்த்துச் சொல்லும்:

```
for n in $(seq 0 14); do
  s=$((24576 + (4464 + 65536*n - 2)*64))
  echo "$n $s $(xxd -p -s $((s*512)) -l 4 card.img)"
done
```

n = 1 என்ற வரியில் செக்டார் 4504448, அதன் எதிரே `ffd8ffe1`. மற்ற வரிகளில் அர்த்தமில்லாத பைட்டுகள். மேல் பாதி 1 என்று தெரிந்துவிட்டது. படத்தை வெளியே எடுக்க:

```
dd if=card.img of=IMG_0437.JPG bs=512 skip=4504448 count=13282
truncate -s 6800000 IMG_0437.JPG
```

13,282 செக்டார் என்பது 68,00,000 பைட்டை 512-ஆல் வகுத்து, மீதிக்காக ஒன்று கூட்டியது. படம் முழுதாகத் திறந்தது. பட்டாலையில் உறவுக்காரர்கள் சூழ்ந்து நிற்க, கழுத்துருவை எடுத்துப் பூட்டும் அந்தக் கணம், ஒரு பிக்சல்கூடப் பிசகாமல் இருந்தது. அபூர்வமாக இரண்டு இடத்தில் `ffd8ffe1` வரலாம். அப்போது படத்துக்குள் பதிந்திருக்கும் நேரத்தை `exiftool` கொண்டு பார்த்து, பட்டியல் வரியின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். நம் வரியில் `4A 55` என்பது காலை 10:42:20.

ஆயிரம் படத்துக்கு இதை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியதில்லை. காரணம் புரிந்துவிட்டால் குறுக்குவழி தெரியும். பட்டியலைப் பார்க்காமல், கார்டு முழுவதும் `FF D8 FF` எங்கெங்கே இருக்கிறது என்று தேடி எடுக்கும் சாப்ட்வேரை ஓட்டினால் போதும். போட்டோரெக் அந்த வகை. இலவசம், `photorec card.img` என்று நகலின் மேலேயே ஓட்டலாம். தப்பான முகவரி அதைப் பாதிக்காது, ஏனென்றால் அது முகவரியையே பார்ப்பதில்லை. அதற்கு விலையாகப் பழைய பெயர்கள் போய்விடும். `recup_dir.1` போன்ற போல்டர்களில் `f` எழுத்தோடு எண்களைப் பெயராகக் கொண்டு படங்கள் வரும். `t` என்று தொடங்குபவை படங்களுக்குள் இருக்கும் சிறு முன்னோட்டங்கள், அவற்றைத் தனியே ஒதுக்கிவிடலாம். எடுத்த நேரத்தையே பெயராக வைத்துவிட்டால் ஆல்பத்துக்கு வரிசை கிடைத்துவிடும்:

```
exiftool "-FileName<DateTimeOriginal" -d "%Y%m%d_%H%M%S%%-c.%%e" recup_dir.1
```

கல்யாண ஆல்பத்துக்கு இது போதும் என்பது என் அபிப்பிராயம். பழைய பெயர்தான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, அதாவது தேர்வு செய்த படங்களின் எண்களை வீட்டார் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், 15 இடம் தேடும் வழியைச் செய்துகொடுப்பேன்.

அறிகுறி: படம் திறக்கிறது, ஆனால் கீழ்ப்பகுதி சாம்பல் நிறமாக அல்லது வேறு வண்ணக் கோடுகளாக இருக்கிறது

ஜேபெக் படம் மேலிருந்து கீழாகப் பதியப்படுகிறது. ஆகவே உடைசல் எந்த உயரத்தில் தொடங்குகிறதோ, பைலில் ஏறக்குறைய அந்த விகிதத்தில் தப்பான தரவு தொடங்குகிறது என்று பொருள். இதற்கு இரண்டு காரணம் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது அவசியம், ஏனென்றால் ஒன்றுக்கு மருந்து உண்டு, மற்றதற்கு இல்லை.

முதல் காரணம், படம் தொடர்ச்சியாக இல்லாமல் இரண்டு துண்டாக எழுதப்பட்டிருந்தது. டெலிட் செய்தபோது சங்கிலி பூஜ்யமாகிவிட்டதால், முதல் கிளஸ்டரிலிருந்து வரிசையாக எடுப்பதைத் தவிர சாப்ட்வேருக்கு வேறு வழியில்லை. காலி கார்டில் எடுத்த படங்கள் வரிசையாகத்தான் இருக்கும், அதனால்தான் மீட்பு பெரும்பாலும் பலிக்கிறது. ஆனால் மண்டபத்திலேயே நின்று, கண் மூடிய படங்களை ஒன்றிரண்டாக அழித்துக்கொண்டே எடுப்பவர்கள் உண்டு. 208 கிளஸ்டர் இடைவெளி ஒன்று உண்டாகும். அடுத்த படத்துக்கு 230 கிளஸ்டர் தேவை என்றால், 208 அந்த இடைவெளியிலும் மீதி 22 வேறெங்கோ தொலைவிலும் போய் உட்காரும். இந்தப் படத்தை வரிசையாக எடுத்தால் கடைசி 22 கிளஸ்டர் பக்கத்துப் படத்தின் தரவாக இருக்கும். படத்தின் கீழ்ப்பகுதியில் பத்தில் ஒரு பங்கு உடையும்.

இரண்டாவது காரணம், அழித்த பிறகு எடுத்த புதுப் படம் அந்த இடத்தின் மேல் எழுதப்பட்டுவிட்டது. அப்படிப் போனது போனதுதான்.

பிரித்தறியும் வழி இது. உடைந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது யாருடைய தரவு என்று பாருங்கள். அழித்த பிறகு கார்டில் எதுவும் எழுதப்படவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் முதல் காரணம்தான். அப்போது மிச்சத் துண்டு கார்டில் எங்கோ இருக்கிறது. எந்தப் படத்துக்கும் சொந்தமில்லாத கிளஸ்டர்களை ஒதுக்கிப் பார்த்தால் அது அகப்படும். போட்டோரெக்கில் விருப்பங்கள் பகுதிக்குப் போய் `Paranoid` அமைப்பில் `Bruteforce` இயக்கிவிட்டால், துண்டான ஜேபெக் படங்களை ஒட்டிப் பார்க்க அது முயலும். அதிக நேரம் எடுக்கும். ராத்திரி ஓடவிட்டுவிட்டுப் போகலாம். எல்லாப் படமும் ஒட்டாது. ராவ் பைலும் சேர்த்து எடுப்பவராக இருந்தால் அதே காட்சியின் ராவ் பைலைத் தேடுங்கள். அதற்குள் ஒரு ஜேபெக் முன்னோட்டம் இருக்கும், பல கேமராக்களில் அது அச்சுக்குப் போகும் அளவுக்கே பெரிதாக இருக்கும்.

வீடியோவுக்கு இந்தத் துண்டுப் பிரச்சினை இன்னும் கடுமை. பல கேமராக்கள் காட்சித் தரவை முதலில் எழுதிக்கொண்டே போய், எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பைப் பதிவு முடியும்போதுதான் எழுதும். அந்தக் குறிப்புத் துண்டு வேறிடத்தில் இருந்தால், பல ஜிபி அளவில் மீட்ட வீடியோ ஒரு நொடிகூட ஓடாது. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்துப் பழுதுபார்க்கும் சாப்ட்வேர்கள் உண்டு. அதற்காகவாவது அந்தக் கேமராவின் அமைப்பை மாற்றாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: கார்டை பார்மட் செய்தாகிவிட்டது

கேமராவில் செய்யும் சாதாரண பார்மட், கிளஸ்டர் அட்டவணையையும் மேல்மட்டப் பட்டியலையும் மட்டும் புதிதாக எழுதுகிறது. படத் தரவு அப்படியே இருக்கும். போட்டோரெக் வழி இங்கே நன்றாக வேலை செய்யும். கேமரா மெனுவில் "லோ லெவல் பார்மட்" என்பதைத் தேர்ந்திருந்தாலோ, விண்டோஸில் `Quick Format` டிக்கை எடுத்துவிட்டு பார்மட் செய்திருந்தாலோ நிலைமை வேறு. விஸ்டா காலம் முதல் விண்டோஸின் முழு பார்மட் கார்டு முழுவதும் பூஜ்யத்தை எழுதுகிறது. எது நடந்தது என்று தெரியாவிட்டால், நகலின் நடுவில் சில இடங்களை `xxd` கொண்டு பாருங்கள். எங்கு பார்த்தாலும் `00` அல்லது எங்கு பார்த்தாலும் `ff` என்றால் உள்ளே எதுவும் இல்லை. வீட்டாரிடம் உண்மையை அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது.

அறிகுறி: பெயர், அளவு, தேதி எல்லாம் சரி, உள்ளே முழுவதும் பூஜ்யம்

இது கார்டில் வருவது குறைவு. லேப்டாப்பில் வரும். கார்டிலிருந்து லேப்டாப்புக்கு நகல் எடுத்து, பிறகு அந்த போல்டரை `Shift+Delete` செய்தவர்கள் இதோடு வருவார்கள். ரெக்கவரி சாப்ட்வேர் பட்டியலை அழகாகக் காட்டும், ஒவ்வொன்றுக்கும் "நல்ல நிலை" என்றுகூடச் சொல்லும். மீட்டுத் திறந்தால் ஒன்றும் இருக்காது.

விண்டோஸின் NTFS முறையில் ஒவ்வொரு பைலுக்கும் தனிப் பதிவு ஒன்று இருக்கிறது. டெலிட் செய்தால் "பயன்பாட்டில் உள்ளது" என்ற குறி மட்டும் நீங்கும். பெயரும், துண்டுகள் எங்கெங்கே என்ற விவரமும் அந்தப் பதிவில் அப்படியே இருக்கும். FAT32-ஐவிட இது மேல், துண்டுபட்ட பைலைக்கூடச் சரியாக எடுக்கலாம். பழைய சுழலும் ஹார்டுடிஸ்க் என்றால் படங்கள் கிடைக்கும் வாய்ப்பு மிக நல்லது.

எஸ்எஸ்டி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய தரவின் மேல் நேரடியாக எழுத முடியாது, முதலில் அந்தப் பகுதியைத் துடைக்க வேண்டும். அதை முன்கூட்டியே செய்துவைத்தால் வேகம் கூடும். ஆகவே பைல் அழிந்ததும், "இந்த இடங்கள் இனி தேவையில்லை" என்று கணினி எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. அந்தக் கட்டளைக்கு ட்ரிம் என்று பெயர், விண்டோஸ் 7 முதல் உண்டு. அதைப் பெற்ற பெரும்பாலான எஸ்எஸ்டிகள் அந்த இடத்தைப் படித்தால் பூஜ்யத்தையே தரும். பதிவு இருக்கிறது, பொருள் இல்லை. உங்கள் கணினியில் ட்ரிம் இயங்குகிறதா என்று பார்க்க:

```
fsutil behavior query DisableDeleteNotify
```

NTFS-க்கு எதிரே 0 என்றால் இயங்குகிறது. மீட்ட பைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து முழுவதும் `00` என்று பார்த்துவிட்டால், வேறு சாப்ட்வேர் வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டாம். நேரே கார்டுக்குத் திரும்புங்கள். லேப்டாப்பில் போன படம் கார்டில் கிடக்க எல்லா வாய்ப்பும் உண்டு, கார்டை ஒருமுறை பார்மட் செய்து கொஞ்சம் எடுத்திருந்தாலும்கூட. கானாடுகாத்தான் தம்பியிடமும் முதலில் கேட்டது, "கார்டை அடுத்த விசேஷத்துக்குக் கொண்டுபோனியா?" என்பதுதான். "இல்லண்ணே, பையிலதான் இருக்கு" என்றார். பையில் இருந்ததால்தான் மேலே சொன்னதெல்லாம் முடிந்தது.

அறிகுறி: ரீடரில் போட்டால் கார்டு தெரிந்து மறைகிறது, அல்லது சூடாகிறது

இது டெலிட் சம்பந்தப்பட்டதே இல்லை. கார்டின் கன்ட்ரோலரோ தொடுமுனைகளோ பழுது. தொடுமுனைகளை உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்து, வேறு ரீடரில் ஒருமுறை பாருங்கள். ஒரு நிமிடமாவது நிலையாகத் தெரிந்தால் உடனே `ddrescue` தொடங்குங்கள். வழியில் துண்டித்தாலும் `card.map` பைலில் எதுவரை வந்தது என்று இருக்கும். அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் மறுபடி சொருகும்போது கார்டு `sdc` என்று வேறு பெயரில் வரலாம், ஒவ்வொரு முறையும் `lsblk` பார்த்துவிட்டே கட்டளையைக் கொடுங்கள். கார்டின் கொள்ளளவே 0 என்று காட்டினால் சாப்ட்வேரால் ஆவது ஒன்றுமில்லை. ஃபிளாஷ் சில்லை நேரடியாகப் படிக்கும் ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். செலவு அதிகம் என்பதால், அனுப்பும் முன் வீட்டாரையும் கலந்துகொள்ளுங்கள்.